ஒரு கட்டத்தில் இரண்டு காலம்

1970 அக்டோபரில் ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் தன் கணிதப் பத்தியில் ஒரு புதிய விளையாட்டை அறிமுகப்படுத்தினார். அதை உருவாக்கியவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஜான் கான்வே. விளையாட்டின் பெயர் ‘லைஃப்’. ஆடுவதற்கு எதிராளி தேவையில்லை. சதுரக் கட்டங்கள் போட்ட ஒரு பெரிய பலகையும், கருப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் காய்களும் இருந்தால் போதும். ஜப்பானிய ‘கோ’ ஆட்டத்தின் பலகையும் காய்களும் இதற்கு நன்றாகவே பொருந்தின.

விதிகள் மிகச் சில. ஒவ்வொரு கட்டமும் ஒன்று உயிரோடு இருக்கும், அல்லது காலியாக இருக்கும். ஒரு கட்டத்தைச் சுற்றி, மூலைகளையும் சேர்த்து, எட்டு அண்டைக் கட்டங்கள் உண்டு. உயிருள்ள கட்டத்துக்கு இரண்டோ மூன்றோ அண்டைகள் உயிரோடு இருந்தால் அது அடுத்த தலைமுறைக்குப் பிழைக்கும். அதற்குக் குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும். காலியான கட்டத்துக்குச் சரியாக மூன்று அண்டைகள் உயிரோடு இருந்தால் அங்கே புதிதாக ஓர் உயிர் பிறக்கும். இவ்வளவுதான். இந்தச் சிறிய விதிகளிலிருந்து நகரும் உருவங்களும் துடிக்கும் உருவங்களும் கிளம்பி வந்த கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அதே பத்தியில், விளையாட்டைக் கையால் ஆடுவது எப்படி என்று கார்ட்னர் கொடுத்த செய்முறையைப் பற்றி.

செய்முறை இப்படிப் போகிறது. முதலில் உயிருள்ள கட்டங்களில் எல்லாம் கருப்புக் காய் வையுங்கள். பிறகு, எந்தக் காய்கள் சாகப்போகின்றன என்று பார்த்து, அவை ஒவ்வொன்றின் தலையிலும் இன்னொரு கருப்புக் காயை ஏற்றுங்கள். அடுத்து, எந்தக் காலிக் கட்டங்களில் உயிர் பிறக்கப்போகிறது என்று பார்த்து, அங்கெல்லாம் வெள்ளைக் காய் வையுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த பிறகுதான், இரட்டையாக நிற்கும் கருப்புக் காய்களை எடுத்துவிட வேண்டும், வெள்ளைக் காய்களை எடுத்துவிட்டுக் கருப்பு வைக்க வேண்டும். அத்துடன் ஒரு தலைமுறை முடிந்தது.

இந்தச் செய்முறையைச் சற்று உற்றுப் பார்த்தால், இன்று மென்பொருள் வேலைக்கான நேர்காணல்களில் கேட்கப்படும் ஒரு பிரபலமான கேள்வியின் முழு விடையும் அதில் இருப்பது தெரியும். கேள்வி இது: ‘லைஃப்’ பலகையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் இரண்டாவது பலகை கிடையாது. இருக்கும் ஒரே பலகையின் மேலேயே எல்லா மாற்றத்தையும் செய்ய வேண்டும். எப்படி?

இதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். ஒவ்வொரு கட்டமாகப் போய், அண்டையை எண்ணி, விதிப்படி மாற்றிக்கொண்டே போனால் ஆயிற்று அல்லவா? ஆகாது. கான்வேயின் விதியில் சொல்லாமல் சொல்லப்பட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: பிறப்பும் இறப்பும் பலகை முழுவதும் ஒரே நொடியில் நடக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் தன் முடிவைப் பழைய பலகையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பக்கத்துக் கட்டம் இப்போதுதான் எடுத்த முடிவைப் பார்த்து அல்ல. நம் நாட்டில் பொதுத்தேர்தல் வாரக்கணக்கில் பல நாட்களாக நடந்தாலும், முதல் நாள் வாக்களித்த தொகுதிகளின் முடிவைக் கடைசி நாள் வாக்குப்பதிவு முடியும்வரை எண்ணி வெளியிடுவதில்லை. வாக்கு பதிவாகிவிட்டது, முடிவு இயந்திரத்துக்குள் இருக்கிறது, ஆனால் அடுத்த ஊர்க்காரர் கண்ணுக்கு அது தெரியக்கூடாது. நமக்கும் அதுதான் தேவை.

மறைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்ன உருவத்தில் பார்த்துவிடலாம். மூன்று உயிர்கள் ஒரே வரிசையில் கிடந்தால் அதற்கு ‘பிளிங்கர்’ என்று பெயர். அடுத்த தலைமுறையில் அது செங்குத்தாக எழுந்து நிற்கும், அதற்கடுத்த தலைமுறையில் மறுபடி படுத்துக்கொள்ளும். இப்படியே காலமெல்லாம் ஆடும். மூன்றுக்கு மூன்று பலகையில், 1 என்றால் உயிர், 0 என்றால் காலி, பலகைக்கு வெளியே எல்லாம் காலி என்று வைத்துக்கொள்வோம். இடதுபுறம் தொடக்கம், வலதுபுறம் வரவேண்டிய சரியான விடை:

```
0 0 0        0 1 0
1 1 1        0 1 0
0 0 0        0 1 0
```

இப்போது மேல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக, உடனுக்குடன் மாற்றிக்கொண்டே போவோம். மேல் இடது மூலைக்கு இரண்டு அண்டைகள்தான், காலியாகவே இருக்கிறது. மேல் நடுக்கட்டத்துக்குக் கீழே மூன்று பேர் இருக்கிறார்கள், எனவே பிறப்பு. இதுவரை சரி. அடுத்தது மேல் வலது மூலை. பழைய பலகைப்படி அதற்கு அண்டைகள் இரண்டே. ஆனால் ஒரு நொடி முன்பு பக்கத்தில் பிறந்த குழந்தையும் இப்போது எண்ணிக்கையில் சேர்ந்து மூன்றாகிவிட்டது. பிறக்கக்கூடாத இடத்தில் பிறப்பு. இங்கிருந்து தவறு பரவுகிறது. நடு வரிசையின் இடதுமுனை சாக வேண்டியது, புதுப் பிறவியின் துணையால் இரண்டு அண்டைகளோடு பிழைத்துக்கொள்கிறது. நடுக்கட்டம் பிழைக்க வேண்டியது, நான்கு அண்டைகள் சூழ நெரிசலில் சாகிறது. கடைசியில் கையில் கிடைப்பது இது:

```
0 1 1
1 0 1
0 0 0
```

ஒன்பது கட்டங்களில் ஐந்து தவறு. இதைவிட முக்கியமாக, விடையைத் தெரியாதவர்கூட இது தவறு என்று சொல்லிவிட முடியும். தொடக்க உருவம் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் ஒரே மாதிரி இருந்தது. கான்வேயின் விதிக்கு இடமும் தெரியாது வலமும் தெரியாது. எனவே சமச்சீரான உருவம் எத்தனை தலைமுறை போனாலும் சமச்சீராகவே இருக்க வேண்டும். நம் விடையில் வலப்பக்கம் கனத்துவிட்டது. கட்டங்களை நாம் பார்த்துப்போன திசை பலகையில் தடம் பதித்துவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி. ‘லைஃப்’ நிரலைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது: சமச்சீரான ஓர் உருவத்தை விட்டுப் பாருங்கள், கோணினால் நிரல் கோணல்.

சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. இரண்டுக்கு இரண்டு சதுரமாக நான்கு உயிர்களை வைத்தால் அது ஒருபோதும் மாறாது. அசையாமல் இருப்பதால் அது சோதனைக்கு வசதியாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன தவறான நிரலிலும் அந்தச் சதுரம் அப்படியே நிற்கும். ஒரு கட்டமும் மாறாதபோது பழைய நிலைக்கும் புதிய நிலைக்கும் வித்தியாசமே இல்லையே, குழப்பம் எங்கிருந்து வரும்? அசையாத உருவங்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் தன் நிரல் சரி என்று நம்பிக்கொண்டே இருப்பார்.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு இன்னொரு பலகை. பழைய பலகையைப் பார்த்து எண்ணுவது, புதிய பலகையில் எழுதுவது, முடிந்ததும் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்வது. இது நல்ல தீர்வு, தவறு நுழைய இடமே இல்லாத தீர்வு. பெரும்பாலான இடங்களில் இதையே செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பலகை ஒன்றே என்று நிபந்தனை வந்துவிட்டால், கார்ட்னரின் காய்கள் உதவிக்கு வருகின்றன.

அந்தச் செய்முறையின் நடுவில், எல்லாக் காய்களும் வைத்து முடித்து, எதையும் இன்னும் எடுக்காத அந்த நேரத்தில் பலகையைப் பாருங்கள். ஒரு கட்டம் நான்கு விதமாக இருக்கலாம். காலியாக இருந்தால் அன்றும் காலி, நாளையும் காலி. ஒற்றைக் கருப்பு என்றால் இன்றும் உயிர், நாளையும் உயிர். இரட்டைக் கருப்பு என்றால் இன்று உயிர், நாளை இல்லை. வெள்ளை என்றால் இன்று இல்லை, நாளை உயிர். அதாவது ஒவ்வொரு கட்டமும் தன் பழைய நிலை, புதிய நிலை இரண்டையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது. அண்டையை எண்ணுபவர் இரட்டைக் கருப்பை ஓர் உயிராக எண்ணுவார், வெள்ளையைக் கணக்கில் சேர்க்கமாட்டார். அப்படி எண்ணினால் அவர் எண்ணுவது சுத்தமான பழைய பலகையைத்தான், நடுவில் எத்தனை காய் வைத்திருந்தாலும் சரி.

கணினியில் காய்களுக்குப் பதில் எண்கள். ஒரு கட்டத்துக்குப் பழையதும் புதியதுமாக இரண்டு செய்திகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை. எனவே இரண்டு பிட் போதும். வலதுபக்க பிட்டில் பழைய நிலை, இடதுபக்க பிட்டில் புதிய நிலை என்று வைத்துக்கொண்டால் 0, 1, 2, 3 என்ற நான்கு எண்களும் நான்கு விதங்களுக்குத் தாமாகவே பொருந்திவிடும். 0 என்றால் இல்லை, இனியும் இல்லை. 1 என்றால் இருந்தது, சாகப்போகிறது. 2 என்றால் இல்லாதிருந்தது, பிறக்கப்போகிறது. 3 என்றால் இருந்தது, தொடரப்போகிறது.

இந்த ஏற்பாட்டின் அழகு, தொடக்கப் பலகையில் ஏற்கனவே இருக்கும் 0, 1 என்ற எண்களைத் தொடவே வேண்டியதில்லை என்பது. வலது பிட்டில் பழைய நிலை தானாகவே உட்கார்ந்திருக்கிறது, இடது பிட் காலி. யார் அடுத்த தலைமுறைக்குப் போகிறார்களோ அவர்களுக்கு மட்டும் இடது பிட்டில் ஒரு குறி போட்டால் போதும். சாகிறவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம், 1 என்று இருப்பதே ‘இருந்தது, இனி இல்லை’ என்று படிக்கப்படும். கார்ட்னர் சாகிறவர்கள் தலையில் காய் ஏற்றினார், நாம் பிழைக்கிறவர்கள்மேல் ஏற்றுகிறோம். வித்தியாசம் அவ்வளவே.

அதே பிளிங்கரை இந்த முறையில் நடத்திப் பார்ப்போம். மேல் நடுக்கட்டத்துக்கு மூன்று அண்டைகள், அங்கே 0 இருந்தது 2 ஆகிறது. அடுத்து, முன்பு நம்மைக் கவிழ்த்த மேல் வலது மூலை. பக்கத்தில் 2 இருக்கிறது. அதன் வலது பிட் 0, ஆகவே பழைய கணக்கில் அது உயிரே இல்லை. கீழே இருக்கும் இருவரோடு எண்ணிக்கை இரண்டில் நிற்கிறது, பிறப்பு இல்லை. நடு வரிசையின் இடதுமுனைக்கு ஒரே ஓர் அண்டை, குறி கிடையாது, 1 ஆகவே இருக்கிறது. நடுக்கட்டத்துக்கு இடமும் வலமும் இருவர், பிழைக்கிறது, 1 இருந்தது 3 ஆகிறது. வலதுமுனைக்கு அந்த நடுக்கட்டம் மட்டுமே அண்டை. 3 என்றாலும் வலது பிட் 1 தான், ஓர் உயிர். எனவே இதுவும் குறி இல்லாமல் 1. கீழ் நடுக்கட்டத்துக்கு மேலே 1, 3, 1 என்று மூவர், அது 2 ஆகிறது. முதல் சுற்று முடிந்ததும் பலகை இப்படி இருக்கும்:

```
0 2 0
1 3 1
0 2 0
```

படுத்திருந்த பிளிங்கரும் எழுந்து நிற்கப்போகும் பிளிங்கரும் ஒரே படத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக. இனி இரண்டாம் சுற்று: ஒவ்வொரு எண்ணையும் ஒரு பிட் வலப்பக்கம் தள்ள வேண்டும். பழைய நிலை வெளியே விழுந்துவிடும், புதிய நிலை அதன் இடத்துக்கு வந்துவிடும். 0, 1 இரண்டும் 0 ஆகும். 2, 3 இரண்டும் 1 ஆகும். செங்குத்தான பிளிங்கர் கிடைத்துவிட்டது, இடது பிட் மறுபடி காலி, அடுத்த தலைமுறைக்குப் பலகை தயார்.

பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
def step(g):
    R, C = len(g), len(g[0])
    for r in range(R):
        for c in range(C):
            n = -(g[r][c] & 1)
            for i in range(max(0, r-1), min(R, r+2)):
                for j in range(max(0, c-1), min(C, c+2)):
                    n += g[i][j] & 1
            if n == 3 or (n == 2 and g[r][c] & 1):
                g[r][c] |= 2
    for r in range(R):
        for c in range(C):
            g[r][c] >>= 1
```

நிரல் எழுதாதவர்கள் இதில் மூன்று இடங்களை மட்டும் பார்த்தால் போதும். `& 1` என்பது வலது பிட்டை மட்டும் பார்ப்பது, அதாவது பழைய நிலையைக் கேட்பது. `|= 2` என்பது இடது பிட்டில் குறி போடுவது. `>>= 1` என்பது வலப்பக்கம் தள்ளுவது. உள்ளே இருக்கும் சுழற்சி மூன்றுக்கு மூன்று ஒன்பது கட்டங்களையும் எண்ணுகிறது. நடுவில் இருக்கும் கட்டம் தன்னையே எண்ணிக்கொள்ளாதிருக்க, `n` தொடங்கும்போதே அதைக் கழித்துவிட்டோம்.

சிலர் இதே வேலையைப் பிட் பேச்சே இல்லாமல் செய்வார்கள். சாகப்போகிறவருக்கு -1, பிறக்கப்போகிறவருக்கு 2 என்று எழுதிக்கொள்வது. அண்டையை எண்ணும்போது குறியை விட்டுவிட்டு எண் 1 தானா என்று பார்ப்பது, கடைசியில் சுழியத்துக்கு மேலிருப்பதெல்லாம் 1, மற்றதெல்லாம் 0. இதுவும் சரியாகவே வேலை செய்யும். ஆனால் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு பிட் முறையில் எண்ணே தன் பொருளைச் சொல்லிவிடுகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

இனி, இந்தச் சிறிய நிரலில் எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். நிரல் நின்றுபோகாமல் ஓடிக்கொண்டே தவறான விடை தருவதால் இந்தச் சறுக்கல்களைப் பிடிக்கக் கொஞ்சம் கண் வேண்டும்.

`& 1` என்பதை எழுத மறந்து, எண்களை அப்படியே கூட்டிவிடுவது ஒன்று. அப்போது 2, 3 என்ற குறிகளெல்லாம் இரண்டு உயிர், மூன்று உயிர் என்று கணக்கில் ஏறும். நம் பிளிங்கரில் இப்படிச் செய்தால் கீழ் நடுக்கட்டத்தை எண்ணும்போது 7 வருகிறது. பலகையில் இருப்பதே மூன்று உயிர்கள், ஒரு கட்டத்துக்கு ஏழு அண்டைகள் எங்கிருந்து வந்தார்கள்? இந்த வகைத் தவறுக்கு அதுவே அடையாளம். பெரிய பலகையில் எண்ணிக்கை எட்டையும் தாண்டிப் போகும். எட்டுக்கு மேல் ஓர் எண்ணிக்கை வந்தால் நிரலை நிறுத்திவிடும்படி ஒரு வரி சேர்த்துவைத்தால், சில தலைமுறைகளுக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று இதைவிட நயமானது. ‘அண்டை உயிரோடு இருக்கிறதா’ என்பதை `g[i][j] == 1` என்று எழுதிவிடுவது. பழைய பழக்கத்தில் கை தானாகவே இப்படி எழுதும், பார்க்கவும் சரியாகவே இருக்கும். ஆனால் பிழைக்கப்போகிறவர் ஏற்கனவே 3 ஆகியிருந்தால் அவர் கணக்கில் விட்டுப்போவார். பிளிங்கரில் மேல் வரிசையும் நடு வரிசையும் சரியாகவே முடிகின்றன. கீழ் நடுக்கட்டத்துக்கு வரும்போதுதான் நடுவில் நிற்கும் 3 கண்ணில் படாமல் போய், எண்ணிக்கை மூன்றுக்குப் பதில் இரண்டாகிறது. செங்குத்தாக மூன்று நிற்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் நிற்கும். அடுத்த தலைமுறையில் இருவருக்கும் ஒவ்வோர் அண்டை மட்டுமே என்பதால் இருவரும் சாவார்கள், பலகை துடைத்தாற்போல் ஆகிவிடும். என்றென்றும் ஆட வேண்டிய பிளிங்கர் இரண்டே தலைமுறையில் காணாமல் போனால் இந்த ஒப்பீட்டை முதலில் தேடுங்கள்.

இரண்டாம் சுற்றையே மறந்துவிட்டால் நடப்பது வேடிக்கையாக இருக்கும். வலது பிட் மாறவே மாறாது. எத்தனை முறை நிரலை ஓட்டினாலும் அதே பழைய பலகையைப் பார்த்து அதே குறிகளைத்தான் போடும். சுழியம் அல்லாததையெல்லாம் உயிர் என்று திரையில் காட்டும் நிரலாக இருந்தால், பிளிங்கர் ஐந்து கட்டக் கூட்டல் குறியாக மாறி உறைந்து நிற்கும். இதற்கு நேர் எதிரான தவறு, இரண்டு சுற்றுக்களையும் ஒன்றாக்கி நேரத்தை மிச்சம் பிடிப்பது: குறி போட்ட கையோடு அந்தக் கட்டத்தை வலப்பக்கம் தள்ளிவிடுவது. அப்படிச் செய்தால் பழைய நிலை அங்கேயே அழிந்துவிடும், நாம் தொடங்கிய தவறான முறைக்கே திரும்பி வந்துவிட்டோம். கடைசிக் கட்டத்தை எண்ணி முடிக்கும்வரை ஒரு காயைக்கூட எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மீற வழியில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு கைம்மாறு உண்டு. முதல் சுற்றில் எந்தக் கட்டத்தின் வலது பிட்டும் மாறுவதில்லை என்பதால், கட்டங்களை எந்த வரிசையில் பார்த்தாலும் விடை ஒன்றே. கீழிருந்து மேலே போகலாம், கண்ணை மூடிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடலாம். நிரல் சரியா என்று பார்க்க இதுவும் நல்ல சோதனை: கட்டங்களைக் குலுக்கிப்போட்ட வரிசையில் ஒருமுறையும், நேர் வரிசையில் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் எங்கோ புதிய நிலை பழையதோடு கலக்கிறது. பலகையைப் பல துண்டாக்கிப் பல செயலிக் கருக்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் இந்தக் குணம்தான் அடிப்படை. ஆனால் எல்லாத் துண்டுகளிலும் முதல் சுற்று முடியும்வரை யாரும் இரண்டாம் சுற்றைத் தொடங்கக்கூடாது. எல்லையோரக் கட்டத்தை ஒருவர் எழுதும்போது மற்றவர் படிக்க நேரும் என்பதால், சி++ போன்ற மொழிகளில் அந்தப் படிப்பையும் எழுத்தையும் அதற்குரிய அணு நிலைக் கட்டளைகளால் செய்ய வேண்டியிருக்கும்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு எவ்வளவு நினைவகம் மிச்சமாகிறது? இங்கேதான் நேர்காணல் அறைகளில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. ஆயிரத்துக்கு ஆயிரம் பலகை என்றால் 10 லட்சம் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் 10 லட்சம் பைட். இரண்டு பலகை வைத்தால் 20 லட்சம். ஆக 10 லட்சம் பைட் மிச்சம். ஆனால் இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? ஒரு பைட்டில் எட்டு பிட். ‘லைஃப்’ கட்டத்துக்குத் தேவை ஒன்றே ஒன்று. மீதி ஏழும் சும்மா கிடந்தன, அவற்றில் ஒன்றை நாம் எடுத்துக்கொண்டோம். ஏற்கனவே வீணாகிக்கொண்டிருந்த இடத்தில் குடியேறினோம் என்பதுதான் உண்மை.

இதையே வேறு விதமாகப் பாருங்கள். ஒரு பைட்டில் எட்டுக் கட்டங்களை நெருக்கி அடைத்தால் அதே பலகை 1,25,000 பைட்டில் முடிந்துவிடும். அப்படி இரண்டு பலகை வைத்துக்கொண்டாலும் 2,50,000 பைட்தான். நம் ‘கூடுதல் நினைவகமே வேண்டாத’ முறை எடுத்துக்கொள்ளும் 10 லட்சத்தில் இது கால் பங்கு. நெருக்கி அடைத்த பலகையில் நம் உத்திக்கு இடமே கிடையாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் இருப்பது ஒரே பிட், அதில் காலி அறை இல்லை. கட்டத்துக்கு இரண்டு பிட் என்று ஒதுக்கினால் அது இரண்டு பலகை வைத்திருப்பதற்குச் சமம்தான். நினைவகம் உண்மையிலேயே நெருக்கடியாக இருந்தால் முதலில் பிட்டுகளை அடைக்க வேண்டும். பலகை ஏற்கனவே பைட்டாகவோ அதைவிடப் பெரிய எண்ணாகவோ கையில் தரப்பட்டிருக்கிறது, அந்த அமைப்பை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்றால் மட்டுமே இந்த உத்தி தன் விலையைத் திருப்பித் தருகிறது.

இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. மேலிருந்து கீழாகப் போகும்போது, ஒரு கட்டத்தைக் கணக்கிடத் தேவைப்படும் பழைய செய்திகளில் ஏற்கனவே அழிக்கப்பட்டவை மேல் வரிசையும், இடப்பக்கத்து ஒரு கட்டமும் மட்டுமே. கீழ் வரிசையை இன்னும் தொடவே இல்லை. எனவே மேல் வரிசையின் பழைய பிரதியையும், நடப்பு வரிசையில் மாற்றியவற்றின் பழைய மதிப்பையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ஆயிரம் அகலப் பலகைக்கு இரண்டாயிரம் கட்டங்களுக்கும் குறைவான கூடுதல் இடம். கட்டத்தில் காலி பிட் இல்லாதபோதும் இது வேலை செய்யும். ஆனால் பார்க்கும் வரிசை முக்கியமாகிவிடும், இஷ்டப்படி எங்கிருந்தும் தொடங்கும் சுதந்திரம் போய்விடும்.

இரண்டாம் சுற்றைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் பிட்டுகளை முறைபோட்டுக்கொள்வார்கள். இந்தத் தலைமுறையில் வலது பிட்டைப் படித்து இடது பிட்டில் எழுதுவது, அடுத்த தலைமுறையில் இடது பிட்டைப் படித்து வலதில் எழுதுவது. தள்ளும் வேலை மிச்சம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இப்போது எழுதும் பிட் காலியாக இருக்காது, அதில் முந்தைய தலைமுறையின் எச்சம் இருக்கும். பிறக்கும்போது 1 போடுவது போலவே, இறக்கும்போது 0 போட்டுத் துடைக்கவும் வேண்டும். குறி மட்டும் போட்டுவிட்டுத் துடைக்காமல் விட்டால் செத்தவர்கள் ஒரு தலைமுறை விட்டு எழுந்து வருவார்கள்.

‘லைஃப்’ கட்டத்துக்கு இரண்டே நிலைகள். அதற்கு மேல் நிலைகள் உள்ள விளையாட்டுகளுக்கும் இதே உத்தி நீளும். பிரையன் சில்வர்மன் உருவாக்கிய ‘வயர்வேர்ல்ட்’ என்ற ஆட்டத்தில் ஒரு கட்டம் காலி, கம்பி, மின்துடிப்பின் தலை, அதன் வால் என்று நான்கு நிலைகளில் இருக்கும். பழையதற்கு இரண்டு பிட், புதியதற்கு இரண்டு பிட். `& 1` இருந்த இடத்தில் `& 3`, ஒரு பிட் தள்ளிய இடத்தில் இரண்டு பிட். ஒரு பைட்டுக்குள் நான்கும் நான்குமாகப் பிரித்தால் பதினாறு நிலைகள்வரை தாராளமாகப் போகலாம். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான ஜான் வான் நியூமனின் தன்னைத்தானே படியெடுக்கும் இயந்திரத்தில் ஒரு கட்டத்துக்கு 29 நிலைகள். பழையதும் புதியதும் சேர்ந்தால் 841 விதமான இணைகள், ஒரு பைட்டில் இருப்பதோ 256 மதிப்புகள். அங்கே ஒரு கட்டத்துக்கு இரண்டு பைட் கொடுத்தாக வேண்டும், அதாவது இரண்டாவது பலகைக்கு ஆகும் அதே செலவு.